இரவு இருமல்: தடிமனா, முட்டா?

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. மாங்குளத்தில் இருந்து உள்ளே போகும் கிரவல் றோட்டில் வீடு. பெரும்போக அரிவி வெட்டு தொடங்கி, வெட்டு மெசினும் லொறியும் போய்வரத் தொடங்கிய நாட்களில்தான் இரவு இருமல் வந்தது. பகலில் ஒன்றுமில்லை, கோழிக்குப் பின்னால் ஓடித் திரிவான். விளக்கை அணைத்தால் இருமல்.

மாமி கேட்டவுடன் சொல்லிவிட்டார்: "இது முட்டுத்தான் பிள்ளை. இவன்ர தேப்பனுக்கும் சின்னனில இப்பிடித்தான் இழுத்தது." பாமசியில் இருந்த தம்பியோ, தடிமன் இறங்குது, பாணி மருந்து குடுங்கோ என்றார். இரண்டு பேரும் பாதிப் பாதி சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பாணி எதுவும் எழுதவில்லை. இந்த வயதில் இருமல் பாணியால் பெரிய பலன் இல்லை, தூக்கம் வரவைக்கும் வகைகள் ஆபத்தும் கூட என்றார். ஒரு வயது தாண்டியதால் படுக்கமுதல் கொஞ்சம் தேன் கொடுக்கலாம், அதற்குக் குறைந்த பிள்ளைக்குத் தேனே கூடாது. பிறகு ஒரு வேலை தந்தார். எத்தனை மணிக்கு இருமுகிறான் என்று எழுதவேண்டும். இருமும்போது சட்டையைத் தூக்கி, வெளிச்சம் போட்டு, நெஞ்சும் வயிறும் தெரிய ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுக்கவேண்டும்.

எழுதிப் பார்த்தபோது ஒரே இரவில் இரண்டு விதமான இருமல் இருந்தது. முதலாவது படுத்துக் கொஞ்ச நேரத்தில் வருவது. தொண்டையில் சளி கரகரக்கும், வாயைத் திறந்து மூச்சு விடுவான், குறட்டையும் வரும். ஒருநாள் இருமி இருமி நூல்நூலான வெள்ளைச் சளியைச் சத்தியெடுத்தான், அதற்குப் பிறகு விடியும்வரை நித்திரை. சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது. படுத்தால் மூக்கின் பின்பக்கத்தால் தொண்டைக்குள் இறங்கும், அதை விழுங்குவார்கள், மிச்சத்துக்கு இருமுவார்கள்.

இரண்டாவது விடியப்புறம் மூன்று மணியை ஒட்டி வருவது. வறண்ட இருமல், சளிச் சத்தமே இல்லை, விடாமல் தொடரும். காதை முதுகில் வைத்துக் கேட்டால் மூச்சு வெளியே போகும்போது மெல்லிய விசில். பகலிலும் ஓடிக் களைத்தால், விழுந்து விழுந்து சிரித்தால், அதே இருமல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மூச்சுக்குழாய் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில்தான் கூடுதலாக ஒடுங்குமாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த ஒடுக்கமே இருமலாக வரும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு டொக்டர் குழாய் வைத்துக் கேட்டார். "இப்ப நெஞ்சு தெளிவா இருக்கு. அதுக்காக முட்டு இல்லையெண்டு சொல்லேலாது" என்றார். ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் சரிவராது. ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் வழி. முதலில் மூக்கு.

பாமசியில் விற்கும் உப்புநீர் மூக்குத்துளி. தோளுக்குக் கீழே துவாயை மடித்து வைத்தால் தலை பின்னால் சாயும். ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் இரண்டு மூன்று துளி, ஒரு நிமிடம் பொறுத்து வழிவதைத் துடைக்கவேண்டும், படுக்கமுதல் கட்டாயம். அப்புறம் நுளம்புத்திரியை நிறுத்தி வலை கட்டினோம். விறகடுப்பு மூட்டும் நேரம் அவனைக் குசினிப் பக்கம் விடவில்லை. பக்கத்து வயலில் வைக்கோல் எரிப்பதை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டு கிழமையில் முதல் இருமல் போய்விட்டது. மூன்று மணி இருமல் அசையவில்லை. ஆகவே பம்ப். மண்ணிறப் பம்ப் காலையும் இரவும், அது மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. நீலப் பம்ப் இழுக்கும்போது மட்டும், அது ஒடுங்கிய குழாயை உடனே விரிக்கும். மூன்று மாதம் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்ப்போம் என்றார். மருந்தில் குறைந்து, நிறுத்தியதும் திரும்பி வந்தால் ஆஸ்துமா என்ற எண்ணம் உறுதியாகும்.

பம்பை நேராக வாயில் அடித்தால் மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். பம்புக்கும் முகத்துக்கும் நடுவில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் மாஸ்க்கும் வேண்டும். பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடும்படி வைத்து, ஒரு தரம் அடித்து, ஐந்தாறு மூச்சு விடவேண்டும். அடுத்ததுக்குத் திரும்பக் குலுக்கவேண்டும். எங்களுடையதில் ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு டிக் என்று அடிக்கும், அதை அவனே எண்ணத் தொடங்கியதும் சண்டை ஓய்ந்தது. முதல் நாட்களில் வீரிட்டு அழுதான். அழும்போது மருந்து உள்ளே போவது நன்றாகக் குறையும், அதனால் முதலில் கரடிப் பொம்மைக்கு மாஸ்க் போட்டுக் காட்டினோம். மண்ணிறப் பம்புக்குப் பிறகு முகத்தைத் துடைத்துத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியலாம். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி அப்படியே காயவிடவேண்டும். துணியால் துடைத்தால் மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் தொடங்கிய பிறகும் ஒரு இரவு கட்டுமீறிப் போனது. தடிமனோடு காய்ச்சல். நித்திரையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. போனில் நேரம் வைத்து முழு நிமிடம் எண்ணினேன்: 54. ஒரு வயதில் இருந்து ஐந்து வயதுவரை, அழாமல் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. கிளினிக் கொப்பியில் அவனுக்கு எழுதியபடி நீலப் பம்ப் இரண்டு தரம், இருபது நிமிடத்தில் திரும்ப இரண்டு. குழி குறையவில்லை, தண்ணியும் வேண்டாம் என்று தலையைத் திருப்பினான். 1990-க்கு எடுத்தோம். அம்புலன்ஸில் ஒட்சிசன் வைத்தார்கள். போகும்வரை மடியில் நிமிர்த்தி வைத்து, இடையிடையே நீலப் பம்ப் கொடுக்கச் சொன்னார்கள்.

உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை சோர்ந்து கண் சொருகினால், அழவோ கதைக்கவோ மூச்சு காணாமல் போனால், பம்ப் பலனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கக்கூடாது. இன்னொன்றை வார்டில் சொன்னார்கள்: மூச்சுக்குக் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் விசில் திடீரென்று நின்றால் அது சுகமாகும் அறிகுறி இல்லை, காற்றே போகவில்லை என்பது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த குழந்தையின் கதை வேறு. கச்சான் தின்னும்போது புரைக்கேறி, அன்றிலிருந்து இருமலாம். இருமல் இடையில் குறைந்தாலும் அப்படியானதை அன்றே காட்டவேண்டும், பருப்பு மூச்சுக்குழாயில் இருக்கலாம். நாலு கிழமை தாண்டிய இருமல், எடை குறைதல், வீட்டில் யாருக்காவது காசநோய் இருப்பது, இவையும் பாமசியோடு முடிக்கிற விஷயம் இல்லை.

மூன்று மாதம் முடிந்து மண்ணிறப் பம்பை நிறுத்தினோம். பத்து நாளுக்குள் மூன்று மணி இருமல் திரும்ப வந்தது. ஆஸ்துமா என்று கொப்பியில் எழுதி, அதே பம்பைத் திரும்பத் தொடங்கினார்கள். மாமிக்கு இதில் ஆச்சரியமே இல்லை.