நிலநடுக்க அளவு வித்தியாசத்தில் இருந்து ஆற்றல் விகிதம்: 25 எழுதி மதிப்பெண்ணை இழந்த கணக்கு

கேட் தேர்வின் நிலவியல், புவி இயற்பியல் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின் அளவு 7.7. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் அளவு 9.1. இரண்டாவதில் வெளிப்பட்ட ஆற்றல் முதலாவதைப் போல எத்தனை மடங்கு?

வித்தியாசம் 1.4. "ஒரு அளவு கூடினால் 10 மடங்கு" என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிட்டதால் 10-இன் அடுக்கு 1.4 என்று போட்டு 25 என்று தட்டினேன். சரியான விடை 126. விடையை நாமே எண்ணாகத் தட்டச்சு செய்யும் வகைக் கேள்வி அது. நான்கு தெரிவுகளைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை. அதன் பிறகு இந்த ஒரு கணக்கை அடிமுதல் உட்கார்ந்து படித்தேன். அப்போது புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

10 மடங்கு என்பது பொய் இல்லை. அது வேறொன்றுக்கான விடை. 1935-இல் ரிக்டர் தெற்கு கலிஃபோர்னியா நிலநடுக்கங்களுக்காக இந்த அளவுகோலை உருவாக்கியபோது, நிலநடுக்கமானி வரைந்த கோட்டின் வீச்சைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரே தூரத்தில் இருக்கும் ஒரே கருவியில் வீச்சு 10 மடங்கு கூடினால் அளவு 1 கூடும். ஆகவே அலையின் வீச்சைக் கேட்டால் 10. ஆற்றலைக் கேட்டால் கதை வேறு.

கொஞ்சம் இயற்பியல் தெரிந்தவர்கள் இங்கே இன்னொரு குழியில் விழுவார்கள். அலையின் ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், அதனால் 10-இன் வர்க்கம் 100 என்று போட்டுவிடுவார்கள். என்னோடு படித்த ஒருவர் அப்படித்தான் போட்டார். அதுவும் தவறு. அளவுக்காக நாம் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட அலையின் வீச்சை மட்டும். வெளிப்பட்ட மொத்த ஆற்றலோ எல்லா அலைவுநேரங்களிலும், பாறை முறிவு நீடித்த நேரம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அளவுக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவை குட்டன்பெர்க், ரிக்டர் இருவரும் பதிவான தரவுகளை வைத்தே 1956-இல் நிறுவினார்கள். அதில் அளவைக் குறிக்கும் M-இன் முன்னால் வந்த எண் 1.5.

```
log10 E = 1.5 M + 4.8      (E ஜூலில்)
```

சரி, இப்போது பூஜ், சுமத்ரா இரண்டுக்கும் முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பூஜுக்கு 1.5 × 7.7 = 11.55. அதோடு 4.8 சேர்த்தால் 16.35. சுமத்ராவுக்கு 1.5 × 9.1 = 13.65. 4.8 சேர்த்தால் 18.45. இரண்டையும் கழித்தால் 2.10. மடக்கை அட்டவணையில் .1000-க்கு எதிர்மடக்கை 1.259. முழுஎண் பகுதி 2 என்பதால் 125.9.

கழிக்கும்போது 4.8 அடிபட்டுப் போனதைக் கவனியுங்கள். விகிதம் கேட்டால் அந்த எண்ணே தேவையில்லை. வித்தியாசத்தை 1.5-ஆல் பெருக்கி 10-இன் அடுக்காக ஏற்றினால் வேலை முடிந்தது.

```
E2 / E1 = 10^(1.5 × (M2 − M1))
```

சில புத்தகங்களில் 4.8-க்குப் பதில் 11.8 என்று இருக்கும். அங்கே ஆற்றல் எர்க் அலகில் இருக்கிறது என்று பொருள். ஒரு ஜூல் என்பது 10-இன் அடுக்கு 7 எர்க், அதனால்தான் சரியாக 7 வித்தியாசம். ஒன்றுக்கு 4.8, மற்றதற்கு 11.8 என்று கலந்துவிட்டால் விகிதம் ஒரு கோடி மடங்கு பிசகும். விகிதத்துக்கு இரண்டு ஆற்றலையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணிப்பானில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. 10-இன் அடுக்கு பொத்தானை அழுத்தினால் திரையில் நிற்கும் எண்ணின் மீது மட்டும் அது வேலை செய்யும் வகைக் கணிப்பானில், 1.5 × 1.4 என்று அடித்துவிட்டுச் சமக்குறி போடாமல் அந்தப் பொத்தானுக்குப் போனால், அது 1.4-க்கு மட்டும் அடுக்கு ஏற்றி, வந்த 25.1-ஐ 1.5-ஆல் பெருக்கும். விடை 37.7 என்று வரும். பார்ப்பதற்கு நம்பும்படியான எண்தான். சூத்திரம் சரியாகத் தெரிந்தும் இப்படி மதிப்பெண் போகும். முதலில் பெருக்கி, சமக்குறி போட்டு, திரையில் 2.1 வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுக்குக்குப் போங்கள்.

வந்த விடை சரியா என்று மனக்கணக்கில் சரிபார்க்க நான் இரண்டே இரண்டு எண்களை வைத்திருக்கிறேன். அளவு 1 கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. அளவு 0.2 கூடினால் ஏறக்குறைய 2 மடங்கு, ஏனென்றால் 1.5 × 0.2 = 0.3, அது கிட்டத்தட்ட 2-இன் மடக்கை. 1.4 என்பது 1, 0.2, 0.2. ஆக 32 × 2 × 2 = 128. கணிப்பான் சொன்ன 126-க்குப் பக்கத்தில் இருக்கிறது, கவலை இல்லை. 25 அல்லது 37.7 வந்திருந்தால் இந்த இடத்திலேயே மாட்டியிருக்கும். 2015 நேபாளத்தில் ஏப்ரல் 25 அன்று 7.8, மே 12 பின்னதிர்வு 7.3. வித்தியாசம் 0.5. 0.4-க்கு 4 மடங்கு, 0.6-க்கு 8 மடங்கு. அப்படியானால் விடை இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். கணக்குப் போட்டால் 5.6.

கேள்வியைத் திருப்பியும் கேட்பார்கள். 1993 செப்டம்பர் 30 லாத்தூர் நிலநடுக்கத்தின் அளவு 6.2, அதைப் போல 50 மடங்கு ஆற்றல் வெளிப்பட்டால் அளவு என்ன? இப்போது 50-இன் மடக்கையை, அதாவது 1.699-ஐ, 1.5-ஆல் வகுக்க வேண்டும். 1.13 வருகிறது. 6.2-உடன் கூட்டினால் 7.3. இங்கே நிறைய பேர் செய்யும் தவறு, வகுக்க வேண்டிய இடத்தில் பழக்கத்தில் பெருக்கிவிடுவது. அப்படிச் செய்தால் 2.55 வந்து அளவு 8.75 ஆகிவிடும். அளவு 2.5 கூடினால் ஆற்றல் 1000-த்துக்கும் அதிகமான மடங்கு கூடியிருக்க வேண்டும். கேள்வியில் இருப்பதோ 50. ஒத்துப் போகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் உள்ளே போகும் இரண்டு அளவுகளும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். இதற்கு பூஜ் நிலநடுக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலநடுக்கத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை கொடுத்த எண் ரிக்டரில் 6.9. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் கொடுத்தது மொமென்ட் அளவுகோலில் 7.7. நிலநடுக்கம் ஒன்றுதான். ஆனால் இந்த 0.8-ஐ நம் சூத்திரத்தில் போட்டால், பூஜ் தன்னைவிடவே 16 மடங்கு பெரியது என்று விடை வரும். வீச்சை வைத்துக் கணிக்கும் பழைய அளவுகோல்கள் பெரிய நிலநடுக்கங்களில் தேங்கிவிடும். முறிவு எவ்வளவு நீளமாகப் போனாலும், அவை பார்க்கும் குறுகிய அலைவுநேரத்து அலையின் வீச்சு ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கு ஈடாக வளராது. முறிந்த பரப்பு, பாறை நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி வரும் மொமென்ட்டை வைத்துக் கணிப்பதால் மொமென்ட் அளவான Mw-க்கு இந்தத் தேக்கம் இல்லை. குட்டன்பெர்க், ரிக்டரின் ஆற்றல் உறவோடு பொருந்தும்படி கனமோரி 1977-இல் அதை அமைத்தார். நம் 1.5 அதற்கும் பொருந்துவது அதனால்தான். கேள்வியில் ஒன்றுக்கு Mw, மற்றதற்கு ரிக்டர் அளவான ML என்று போட்டிருந்தால் நின்று யோசியுங்கள்.

சிறிய வித்தியாசம் ஆற்றலில் எவ்வளவு பெரிதாகும் என்பது எனக்கு உறைத்தது 2004 சுனாமியைப் பற்றிப் படித்தபோதுதான். அன்று காலை நிலநடுக்கம் நடந்து கால் மணி நேரத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்த அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. பிறகு ஹார்வர்டின் கணிப்பு 8.9. பின்னாளில் 9.1 என்று ஆனது. 8.0-க்கும் 9.1-க்கும் வித்தியாசம் 1.1. 1.5-ஆல் பெருக்கினால் 1.65, அடுக்கு ஏற்றினால் 45. முதல் அறிக்கை சொன்னதைப் போல 45 மடங்கு பெரிய ஒன்று கடலடியில் நடந்திருந்தது. காரணம் எளிது. அந்த முறிவு சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓடி முடிக்கவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்து சேர்ந்த அலைகளின் சிறு பகுதியை வைத்துப் போட்ட கணிப்பில் மீதி முறிவு இல்லவே இல்லை. நாகப்பட்டினத்தில், கடலூரில் அலை ஏறியது இதற்குச் சில மணி நேரம் கழித்து. 8.0, 9.1 இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஏதோ ஒன்று கூடியது போலத் தெரியும். 45 என்று எழுதினால்தான் கண் விரிகிறது.

இதே காரணத்தால் விடையில் எத்தனை தசமம் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அளவில் 0.1 பிசகினால் ஆற்றல் 1.41 மடங்கு மாறும். வெவ்வேறு மையங்கள் தரும் அளவுகளில் 0.1 வேறுபாடு சாதாரணம். தேர்வில் கேட்ட தசமத்தைக் கொடுங்கள். ஆனால் 125.89 என்று கணிப்பான் காட்டுகிறது என்பதற்காக, ஏறக்குறைய 90-க்கும் 180-க்கும் நடுவில் ஏதோ ஒன்று என்பதைவிடத் துல்லியமாக இயற்கையைப் பற்றி ஏதோ தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபர் 25 அன்று இந்தோனேசியாவின் மெந்தாவாய் தீவுகளுக்கு அருகே நடந்ததும் 7.8, 2015 நேபாளமும் 7.8. சூத்திரப்படி விகிதம் 1. ஆனால் மெந்தாவாயில் முறிவு மெதுவாக ஓடியது. அதிர்வலைகளாக வெளியேறிய ஆற்றல் அந்த அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. கரையில் இருந்தவர்களுக்கு அதிர்வு பெரிதாகத் தெரியவில்லை, பின்னாலேயே வந்த சுனாமியில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1.5 தருவது பல நிலநடுக்கங்களின் சராசரி உறவு. ஒரு தனி நிலநடுக்கம் உண்மையில் எவ்வளவு ஆற்றலை அலைகளாக வெளியிட்டது என்று தெரிய வேண்டுமானால், பதிவான அலைகளில் இருந்தே அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.