கிணற்றில் போட்ட குளோரின் எங்கே போகிறது?

காலரா பரவும்போது கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது என்று கேட்டால், 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற பாடப்புத்தக அளவு உடனே வாயில் வரும். அந்த அளவு தெளிந்த நீருக்கும் புதுப் பவுடருக்கும் பொருந்தும். கழிவு கலந்த கிணற்றுக்குப் பொருந்தாது. நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள், இரும்பு, அம்மோனியா எல்லாம் சேர்ந்து முதலில் வரும் குளோரினைத் தின்றுவிடும். அவற்றின் பசி தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் எஞ்சிய குளோரின். பின்னால் வந்து சேரும் கிருமியைக் கொல்ல நீரில் காவலாக நிற்பது இந்த மிச்சம் மட்டுமே. ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது நிற்க வேண்டும்.

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 5 மீட்டர். கிணற்றின் ஆழம் இதில் சேராது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளக்க வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 3.14 ஆலும் நீரின் ஆழத்தாலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் 15.7 கன மீட்டர். அதாவது 15,700 லிட்டர்.

அடுத்து, இந்த நீருக்கு எவ்வளவு பவுடர் வேண்டும் என்று காட்டும் ஹோராக்ஸ் கருவி. ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பைகள், 2 கிராம் பிடிக்கும் கரண்டி. கறுப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைத் தலைதட்டிப் போட்டு, சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, உள்ளே இருக்கும் கோடு வரை நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் கிணற்று நீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கோப்பைக்கு ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு என்று ஆறு வரை விட்டு, தனித்தனிக் குச்சியால் கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. குளோரின் மிஞ்சியிருந்தால் அது நீலமாகும். எந்தக் கோப்பையில் முதலில் தெளிவான நீலம் தெரிகிறதோ, அந்த எண்ணிக்கையிலான கரண்டி பவுடர் 455 லிட்டருக்கு வேண்டும்.

நம் கிணற்றில் மூன்றாவது கோப்பை நீலமானது என்று வைப்போம். 455 லிட்டருக்கு 6 கிராம். 15,700 லிட்டருக்கு ஏறக்குறைய 207 கிராம். பாடப்புத்தக அளவில் போட்டிருந்தால் 39 கிராம்தான் விழுந்திருக்கும். அதில் ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் எதுவும் இருந்திருக்காது. குளோரின் போட்டாயிற்று என்று பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இந்தச் சோதனையின் பெரிய நன்மை, அது நீரின் அழுக்கையும் பவுடரின் வலுவையும் ஒரே தடவையில் அளந்துவிடுகிறது. புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை பயன்படும் குளோரின் உண்டு. திறந்த டிரம்மில், ஈரக் காற்றில் அது வேகமாக இறங்கும். பாதி வலு இழந்த பவுடரில் சோதித்தால் நீலம் இன்னும் பின்னால் உள்ள கோப்பையில்தான் வரும், கரண்டிக் கணக்கும் தானாக ஏறும். ஆகவே கிணற்றில் போடப்போகும் அதே டிரம்மிலிருந்துதான் சோதனைக்கும் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் இருக்கும் நல்ல பவுடரில் சோதித்துவிட்டு, கிடங்கில் கட்டிதட்டிப்போன பவுடரைப் போடுவது நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ஆறாவது கோப்பையிலும் நீலம் வராவிட்டால், நல்ல தெளிந்த நீரில் அதே கரைசலைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கும் நீலம் இல்லையென்றால் பவுடர் செத்துவிட்டது. அங்கே நீலம் வந்தால் அழுக்கு கிணற்றில். கழிவு எங்கிருந்து ஊறுகிறது என்று தேடித் தடுத்து, முடிந்தால் நீரை இறைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்கக் கூடாது. 207 கிராமுக்கு மூன்று வாளி. கூழாக்கி, முக்கால் வாளி நீர் விட்டு, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் நீர் கடினமாகும். கரைசல் வாளியை நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால்தான் அடிவரை கலக்கும். மேலாக ஊற்றிவிட்டு வந்தால் மேல்நீரில் மட்டுமே குளோரின் காட்டும். இரவில், கடைசிக் குடம் எடுத்த பிறகு செய்வது நல்லது. நோய் அடங்கும்வரை தினமும் செய்ய வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரினைப் பார்க்கும்போது ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சோதனைத் திரவமான ஆர்த்தோடொலிடினைச் சேர்த்துப் பத்து விநாடிக்குள் தெரியும் மஞ்சள்தான் தனிக் குளோரின். கழிவில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினும் மெதுவாக மஞ்சள் காட்டும், ஆனால் அதன் கொல்லும் வலு மிகக் குறைவு. சாவகாசமாக ஐந்து நிமிடம் கழித்து நிறத்தை ஒப்பிட்டால், காவல் இல்லாத கிணறும் தேர்ச்சி பெற்றுவிடும். எஞ்சிய குளோரினைச் சோதிக்கும் டிபிடி மாத்திரை கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். ஆர்த்தோடொலிடின் நச்சுப் பொருள், கையில் படக் கூடாது.

இரவில் சரியாக இருந்த கிணறு பிற்பகலில் வெறுமையாவதும் உண்டு. இறைக்க இறைக்க ஊறும் புது நீரில் குளோரின் கிடையாது. அங்கே கிணற்றடியில் ஒருவரை நிறுத்திக் குடத்துக்கே மருந்து விட வேண்டும். ஒரு சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் இருக்கும். நம் கிணற்றுக்குத் தேவைப்பட்டது லிட்டருக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் என்பதால், 20 லிட்டர் குடத்துக்கு 8 மில்லிலிட்டர் போதும். அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நோயாளிகள் வருவார்கள். முதல் ஐந்து நாளில் வருபவர்களை வைத்துக் கிணற்றைக் குறை சொல்ல முடியாது. கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் காலரா வெளிப்படும் என்பதால், அவர்களில் பலருக்கு முன்பே தொற்றியிருக்கும். அதற்குப் பிறகும் வந்தால் சங்கிலியின் வேறு கண்ணியைத் தேட வேண்டும். கிணற்றில் 0.8, வீட்டுப் பானையில் பூஜ்யம் என்றால், குளோரின் நேரத்தால் தேய்ந்ததா, பானையிலும் கையிலும் இருந்த அழுக்கு தின்றதா என்று பிரிக்க எளிய வழி உண்டு. அதே கிணற்று நீரைக் கழுவி மூடிய ஒரு பாத்திரத்தில் எடுத்து, பானைக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். மூடிய பாத்திரத்தில் குளோரின் நின்று, பானையில் இல்லையென்றால், உள்ளே கைவிட்டு மொள்வதும் கழுவாத பானையும்தான் வழி. குறுகிய வாயோ குழாயோ உள்ள பாத்திரம் கொடுக்காமல், கிணற்றில் பவுடரைக் கூட்டிப் பயனில்லை. மணம் பிடிக்காமல் ஆட்கள் வேறு நீர் தேடிப் போய்விடுவார்கள்.

இரண்டு நீரிலும் குளோரின் நிற்கிறது, நோய் மட்டும் நிற்கவில்லை என்றால், நோயாளியின் படுக்கைப் பக்கம் போக வேண்டும். மலமும் வாந்தியும் படிந்த துணி எங்கே அலசப்படுகிறது, அதைத் தொட்ட கை அடுத்து எந்த உணவைத் தொடுகிறது என்று கேளுங்கள். மலத்துக்கும் வாந்திக்கும் தேவை 2 சதவீதக் குளோரின் கரைசல், கிணற்றில் எதிர்பார்க்கும் மிச்சத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு. மலத்தில் உள்ள கரிமப் பொருள் குளோரினைத் தின்னும் வேகம் அப்படி. துணியைக் கிணற்றடியில் அலசினால், அந்த நீர் உடைந்த தளத்தின் வெடிப்பு வழியே திரும்பக் கிணற்றுக்கே போகும். மறுநாள் ஹோராக்ஸ் சோதனையில் நீலம் மூன்றாவது கோப்பையிலிருந்து ஐந்தாவதுக்கு நகர்ந்திருந்தால், பவுடர் அதே டிரம்தானா என்று பார்த்துவிட்டு, அந்தத் தளத்தைக் குனிந்து பாருங்கள்.