கண் திறந்திருக்கிறதா? – பாப்பாவின் ராத்திரி அழுகைக் குறிப்புகள்

ஜூன் 10, 2024

பாப்பாவுக்கு இன்றோடு ஐந்து வாரம். எடை பார்க்கப் போயிருந்தோம். பிறக்கும்போது 2.9 கிலோ, இன்று 3.9. ராத்திரி ஒன்பது தடவை எழுகிறாள், எனக்கு முடியவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஒன்பது தடவையும் கண்ணைத் திறந்திருந்தாளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முதல் சத்தம் கேட்டதுமே தூக்கிவிடுவேன், கண்ணை எங்கே பார்த்தேன்?

இந்த வயதில் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, அசைந்துகொண்டே தூங்கும் தூக்கமாம். இமைக்குள்ளே கண் உருளும், மூச்சு ஒரே சீராக இருக்காது, முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், இரண்டு குரல் அழக்கூடச் செய்யும். அவ்வளவும் தூக்கத்துக்குள்ளேயே நடக்கிறது. சுமார் ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் இந்தச் சத்தம் அதிகமாகும். அந்த நேரத்தில் தூக்கினால், தூங்குகிற பிள்ளையை நாமே எழுப்பிவிடுகிறோம்.

"சத்தம் கேட்டால் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒன்று, இரண்டு நிமிடம் கையை வைக்காமல் முகத்தை மட்டும் பாருங்கள்" என்றார். ஆனால் இதைச் சொல்வதற்கு முன் எடையைப் பார்த்தார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்று கேட்டார். ஏழெட்டு தடவை என்றதும்தான் சொன்னார். பிறந்த எடையை இன்னும் திரும்பப் பிடிக்காத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலையில் அசந்து தூங்கும் குழந்தை, இவர்களுக்கெல்லாம் இது பொருந்தாது. அவர்களை எழுப்பியாவது பால் கொடுக்க வேண்டும்.

ஜூன் 11

முதல் சிக்கல் தூளி. ஆச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளைகள் தூளியில்தான் தூங்கியிருக்கிறார்கள். ஆனால் சேலைக்குள் கிடக்கும் பிள்ளையின் முகம் வெளியே தெரிவதில்லை. சத்தம் மட்டும் வருகிறது, உடனே அம்மா எழுந்து ஆட்டிவிடுகிறாள். அதனால் ராத்திரிக்கு மட்டும் என் கட்டிலை ஒட்டித் தனி மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். தலையணை இல்லை, கம்பளி இல்லை. சுவரோரம் ஒரு சின்ன இரவு விளக்கு.

1.50க்கு "ங்ங்" என்று ஒரு முனகல். எட்டிப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது, இமைக்கடியில் மணி இடமும் வலமும் ஓடியது. கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி நீட்டினாள். உதடு கோணி, கீழுதடு துடித்து, ஒரு சின்ன அழுகை வந்தது. என் கை அவள் பக்கம் போய்விட்டது, இழுத்து என் மடியில் கையைக் கட்டிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஆச்சி, "ஏட்டி, பிள்ள அழுதுல்லா, தூக்கு" என்றாள். "கண்ணு மூடியிருக்கு ஆச்சி, கொஞ்சம் பொறு" என்றேன். இன்னொரு அழுகை, ஒரு நீண்ட பெருமூச்சு. அப்புறம் மடக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எனக்குக் கால் மணி நேரம் போல இருந்தது. கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

2.45க்குத்தான் நிஜமாக எழுந்தாள்.

ஜூன் 13

நேற்று ராத்திரி தப்பு செய்துவிட்டேன். எழுதி வைக்க வேண்டும்.

11 மணிக்குப் பால் குடித்தவள் 1.20க்கு அசைந்தாள். சரி, தூக்கத்து அசைவு என்று நினைத்துப் படுத்தபடியே காத்திருந்தேன். எட்டிப் பார்க்கவில்லை. சத்தம் நிற்கவில்லை, கூடிக்கொண்டே போனது. எழுந்து பார்த்தால் கண் அகலத் திறந்திருக்கிறது, முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடுகிறாள். அதற்குள் வீறிட ஆரம்பித்துவிட்டாள். மார்பில் வைத்தேன், பிடிக்கவில்லை. அழும்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, காம்பை எப்படிப் பிடிப்பாள்? தோளில் போட்டு நடந்து, என் வெறும் நெஞ்சோடு அணைத்து, சுண்டு விரலைக் கழுவிச் சப்பக் கொடுத்து, அமைதியாக இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகும் சரியாகக் குடிக்காமல் களைத்துத் தூங்கிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி.

பசிக்கு அழுகை கடைசி அறிகுறி என்பது இப்போது புரிகிறது. அதற்கு முன்னால் நாக்கை நீட்டுகிறாள், உதட்டைச் சப்புக்கொட்டுகிறாள், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைத் திறக்கிறாள், கையை வாய்க்குக் கொண்டு போகிறாள். கண்ணும் திறந்து, இவையும் இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. தூக்கத்திலும் சில நேரம் வாய் சப்புகிறது, உண்மைதான். ஆனால் அப்போது தலை தேடுவதில்லை, நான்கைந்து தடவை சப்பிவிட்டு நின்றுவிடுகிறது.

ஜூன் 15

சென்னையிலிருந்து அவர் வந்திருக்கிறார். ராத்திரி காவலைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

12.30க்கு இரண்டு பக்கமும் நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கினாள். 12.55க்கு அழுகை. கண் திறந்திருந்தது, முகம் சிவந்திருந்தது, முதுகை வில்லாக வளைத்தாள். "பசிக்குது போல" என்றார். கடைசிப் பால் எப்போது என்பதை வைத்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வயிறு நிறைந்து அரை மணிகூட ஆகவில்லை. மார்பில் வைத்துப் பார்த்தபோது இரண்டு வாய் உறிஞ்சினாள், காம்பை விட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதாள். இப்படிப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் அதற்கு மேல் பால் கொடுத்துப் பயனில்லை. வாயு நிற்கிற வயிற்றில் இன்னும் பால் போனால் கூடத்தான் செய்யும்.

அவர் தோளில் போட்டுக்கொண்டார். தாடை தோளுக்கு மேலே, வயிறு தோளில் லேசாக அழுந்தும்படி. தட்டுவதைவிட, இடுப்பிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். எட்டு நிமிடம் கழித்துப் பெரியவர்கள் விடுவது போல ஓர் ஏப்பம், கூடவே அவர் சட்டையில் கொஞ்சம் தயிர் போன்ற பால். பத்து நிமிடம் அப்படியே நிமிர்த்தி வைத்திருந்து படுக்கப் போட்டார். ஐந்து மணி வரை சத்தமில்லை.

காலை மடக்குவதை மட்டும் வைத்து வாயு என்று முடிவு செய்யக் கூடாது. எந்த அழுகைக்கும் மடக்குகிறாள், தூக்கத்திலும் மடக்குகிறாள். குடித்த சற்று நேரத்திலேயே அழுகை, காம்பைப் பிடித்து விடுவது, நிமிர்த்திப் பிடித்தால் அடங்குவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வாயு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 16

மூன்று நாளாகவே ஓர் அழுகை புரியாமல் இருந்தது. உரத்து இல்லை. நச்சு நச்சென்று, விட்டு விட்டு. பால் கொடுத்தால் குடிப்பாள், தோளில் போட்டால் நிற்கும், படுக்க வைத்ததும் மறுபடி ஆரம்பம். இன்று அவர், "எல்லாத் துணியையும் கழற்றிப் பார்த்துடுவோம்" என்றார். டயப்பர் காய்ந்திருந்தது. காது மடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், கை கால் விரல் இடுக்கில் எல்லாம் பார்த்தோம். முடியோ நூலோ விரலைச் சுற்றி இறுகிக் கிடந்தால் வெளியே தெரியவே தெரியாதாம், அதற்காக ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

கடைசியில் இடுப்பில் கண்டுபிடித்தோம். முப்பதாம் நாள் கட்டின அரைஞாண் கயிறு. அன்று அளவாகத்தான் இருந்தது. பால் குடித்து வயிறு உப்பியதும் கயிறு சதைக்குள் அழுந்தி, தொப்புளுக்குக் கீழே சுற்றிலும் சிவப்புக் கோடு. மேலே டயப்பர் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கத்தரித்தோம். ஆச்சிக்கு மனம் சங்கடப்பட்டது. ஒரு வயதுக்குப் பிறகு வெள்ளியில் போடலாம் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

ஆச்சி போட்ட கம்பளித் தொப்பியும் போய்விட்டது. பிடரியில் கை வைத்தால் வேர்வை. கை கால் குளிர்ந்திருப்பதை வைத்துக் குழந்தைக்குக் குளிர்கிறது என்று சொல்ல முடியாது, பிடரியைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 20

நேற்று புதன்கிழமை, ஆறாவது வாரத் தடுப்பூசி. ஊசி ஏறியதும் பாப்பா வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. முகம் கருஞ்சிவப்பாகி, மூச்சு நின்றது போல ஒரு கணம். அப்புறம்தான் அந்த வீறிடல். வலியின் அழுகை இப்படித் திடீரென்று உச்சத்தில்தான் தொடங்கும், பசியைப் போலப் படிப்படியாக ஏறாது. இந்த ஒன்றை மட்டும் இனி எந்த இருட்டிலும் என் காது அடையாளம் கண்டுகொள்ளும். இதற்குக் காத்திருப்பு கிடையாது.

ராத்திரி 11 மணிக்கு உடம்பு சுட்டது. அக்குளில் வைத்துப் பார்த்தேன், 100.6. செவிலியர் அக்கா எடைக்குத் தக்கபடி எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைக் கொடுத்தோம். ஊசி போட்ட அன்று வரும் காய்ச்சல் ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் ஊசி எதுவும் போடாமல், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று செவிலியர் அக்காவே அழுத்திச் சொன்னார். அதேபோல, பால் குடிக்க மறுத்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வழக்கமில்லாத கீச்சுக் குரலில் அழுதால், என்ன செய்தும் அடங்காமல் அழுதால், துவண்டு கிடந்தால் உடனே கிளம்ப வேண்டும். மெத்தைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஜூன் 27

இந்த வாரம் விடியற்காலை நாலரைக்கு முக்கல். முகம் சிவக்க, பத்து நிமிடம் முக்கி முனகி, நடுவில் அழுது, கடைசியில் மலம் போகிறாள். அதுவும் இளகலாகத்தான் போகிறது. அம்மா வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கலாம் என்றாள். டாக்டரம்மாவைக் கேட்டோம், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். மலச்சிக்கல் என்றால் மலம் கட்டியாக இருக்கும். இது வயிற்றை முக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்தவும் வேண்டும் என்பது குழந்தைக்கு இன்னும் பழகாததால் வருவது, சில வாரங்களில் தானாகப் பழகிவிடும். நாம் தூண்டிவிட்டால் பழகத் தாமதமாகும். வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்றார்.

ஜூலை 2

எட்டு வாரம் முடிந்தது. தலைமாட்டு நோட்டில் நேற்று ராத்திரி:

10.40 பால். 11.35 முனகல், கண் மூடியிருந்தது, தொடவில்லை, அடங்கியது. 12.30 அதே மாதிரி, இந்த முறை நெஞ்சில் கையை மட்டும் வைத்தேன். 1.40 கண் திறந்து கையைத் தேடினாள், அழுவதற்கு முன்பே பால். 2.05 நெளிந்தாள், தோளில் போட்டேன், ஏப்பம். 3.10 இரண்டு குரல் அழுகை, கண் மூடியிருந்தது. அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். இருவரும் பேசவில்லை. பாப்பா தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டாள். அம்மா இரவு விளக்கின் மேல் தன் துண்டைச் சரிசெய்துவிட்டுப் படுக்கப் போனாள்.