29-02-2004ல பிறந்த பொண்ணு, 28-02-2022ல முடிஞ்ச டெபாசிட், நடுவுல நாலு நாள் அலைச்சல்

பிப்ரவரி 29ல பிறந்த பிள்ளை யார் வீட்டுலயாவது இருந்தா இத முழுசா படிங்க, முக்கியமா 18 வயசு நெருங்குற பிள்ளைன்னா. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன்.

பொண்ணு 2004 பிப்ரவரி 29, ஞாயித்துக்கிழமை, மதுரைல பிறந்தா. எங்கம்மாவுக்கு பெருமைன்னா அப்படி ஒரு பெருமை, ஏன்னா ருக்மிணி தேவி அருண்டேல் இதே மதுரைல சரியா நூறு வருஷத்துக்கு முன்னாடி 1904 பிப்ரவரி 29ல பிறந்தவங்க. அந்த சந்தோஷத்துல அம்மா, பேத்தியோட எட்டாவது பிறந்தநாள் அன்னைக்கு, அதாவது 2012 பிப்ரவரி 29, புதன்கிழமை, அவ பேர்ல ஒரு லட்ச ரூபா ஃபிக்ஸட் டெபாசிட் போட்டாங்க. 9 சதவீத வட்டி, 120 மாசம், கார்டியன் நான். காலேஜ் படிக்கிறப்ப கைக்கு வரணும்னு கணக்கு பண்ணி போட்டது. ரசீதுல முதிர்வு தேதி 28-02-2022ன்னு அச்சாகியிருந்துச்சு. 2022ல 29ந்தேதி இல்லையே, அதனால 28ன்னு போட்டிருக்காங்கன்னு நானும் அதப்பத்தி மேல யோசிக்கல. யோசிச்சிருக்கணும்.

செமஸ்டர் ஃபீஸ் கட்ட கடைசி நாள் மார்ச் 5, சனிக்கிழமை. பொண்ண ஹாஸ்டல்ல இருந்து வரவச்சு, 28ந்தேதி திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கெல்லாம் பேங்க்ல டோக்கன் வாங்கி உக்காந்துட்டோம்.

கவுண்டர்ல இருந்தவர் ரசீத வாங்கினார், கார்டியன் கையெழுத்து போடுங்கன்னார், போட்டேன். அப்புறம் பிறப்புச் சான்றிதழ பாத்துட்டு, "மேடம், பிப்ரவரி இன்னைக்கோட முடியுது, 29 இந்த வருஷம் கிடையாது, அப்ப பாப்பா இன்னைக்கே மேஜர், மேஜர் ஆனப்புறம் உங்க கையெழுத்து செல்லாது"ன்னு சொல்லிட்டார். சரி சார், அப்ப அவளே போடட்டும்னேன். அவ போட்டா, சிஸ்டம் ஏத்துக்கல, வயசு 17, மைனர்னு காட்டுது! அவர் மறுபடி தட்டி பாத்தார், மறுபடி 17. நான் போட்டா அவ மேஜர், அவ போட்டா அவ மைனர். ஒரே கவுண்டர்ல, ஒரே மனுஷன் வாயில இருந்து, அஞ்சு நிமிஷ இடைவெளில ரெண்டு பதில். கடைசில "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சிவராத்திரி, ஆனா பேங்க் இருந்துச்சு. போனா இடி மாதிரி ஒரு சேதி. டெபாசிட்டுக்கு முதிர்வு அன்னைக்கு யாரும் எதுவும் எழுதிக் குடுக்காததால ராத்திரியே தானா ரெனியூ ஆகிருச்சாம், இன்னொரு 120 மாசத்துக்கு, 2032 வரைக்கும். நேத்தே இத சொல்லியிருந்தா ஒரு வெள்ளைத்தாள்ல ரெனியூ பண்ண வேண்டாம்னு எழுதி குடுத்திருப்பேனே, அவர் வாயே திறக்கல. இப்ப அத முன்கூட்டி முடிக்கணும்னா பொண்ணோட கையெழுத்து வேணும், அவ கையெழுத்து பேங்க் ரெக்கார்டுல இல்ல, அதுக்கு முதல்ல கணக்க மைனர்ல இருந்து மேஜருக்கு மாத்தணும், அதுக்கு ஃபோட்டோ உள்ள அடையாள அட்டை வேணும்னு ஒன்னு மேல ஒன்னா அடுக்கினார். பான் கார்ட குடுத்தா, சின்ன வயசுல எடுத்தது, மைனர் பான் கார்டுல ஃபோட்டோவும் இருக்காது கையெழுத்தும் இருக்காது, நம்பருக்கு ஆகும் அடையாளத்துக்கு ஆகாதுன்னு திருப்பி குடுத்துட்டார். ஆதார் ஹாஸ்டல்ல கிடக்கு. அன்னைக்கும் வெறுங்கையோட வீடு.

வயசு மட்டும் அன்னைக்கு சிஸ்டம்ல 18ன்னு காட்டுச்சு. அதான் என்னைய உறுத்திச்சு. டெபாசிட்டுக்கு 28, வயசுக்கு மார்ச் 1, ஒரே பேங்க்குள்ள எப்படி ரெண்டு கணக்கு?

சாயந்திரம் என் தம்பி வந்தான், அவன் அக்கவுண்ட்ஸ் வேலைல இருக்கான். லேப்டாப்ப திறந்து எக்செல்ல ரெண்டே வரி அடிச்சு காட்டினான்:

```
=EDATE(DATE(2004,2,29),216)
=DATEDIF(DATE(2004,2,29),DATE(2022,2,28),"Y")
```

முதல் வரி, பிறந்த தேதியோட 216 மாசம், அதாவது 18 வருஷத்த கூட்டுது. விடை 28-02-2022. அந்த மாசத்துல 29 இல்லன்னா மாசக் கடைசில கொண்டுபோய் நிறுத்திரும். ரெண்டாவது வரி, 28-02-2022 அன்னைக்கு எத்தனை வருஷம் முடிஞ்சிருக்குன்னு கேக்குது. விடை 17. அது 28 அப்படிங்கிறது 29ஐ விட சின்னது, இன்னும் தேதி வரலன்னு பாக்குது, மார்ச் 1 போட்டாத்தான் 18 வருது. "அக்கா, மாசத்த கூட்டினா 28, தேதிய ஒப்பிட்டா மார்ச் 1, ரெண்டுமே ஒரே எக்செல்தான்"னான். பேங்க்ல ஓடுற சாஃப்ட்வேர் எதுன்னு நமக்கு தெரியாது, ஆனா எங்களுக்கு நடந்தது அச்சு அசல் இதேதான். டெபாசிட்டுக்கு மாசத்த கூட்டிப் பாத்தாங்க, வயசுக்கு தேதிய ஒப்பிட்டாங்க.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு புதன்கிழமை எதிர்வீட்டு வக்கீல் சார்கிட்ட கேட்டேன். அவர் பொறுமையா சொன்னத அப்படியே எழுதுறேன், இதத்தான் நீங்க கையில வச்சிருக்கணும். இந்தியன் மெஜாரிட்டி ஆக்ட் 1875, மூணாவது பிரிவு. பிறந்த நாள ஒரு முழு நாளா கணக்குல சேத்துக்கணும், பதினெட்டாவது வருஷ நிறைவு நாள் தொடங்கும்போதே மேஜர். பிப்ரவரி 29க்குன்னு அதுல தனியா ஒரு வார்த்தை கிடையாது, குழப்பத்துக்கு காரணமே அதுதான். ஆனா பிறந்த நாளையும் சேத்து எண்ணிப் பாத்தா ஒரு வழி கிடைக்கும்னார். 2004 பிப்ரவரி 29ஐ முதல் நாளா வச்சா முதல் வருஷம் 2005 பிப்ரவரி 28 ராத்திரி பன்னெண்டு மணிக்கு முடியுது. அப்படியே போனா பதினெட்டாவது வருஷம் 2022 பிப்ரவரி 28 ராத்திரி முடியுது. அப்ப மார்ச் 1 பிறக்கும்போது அவ மேஜர், 28 பகல்ல அவ மைனர்தான்.

இப்படி முந்தின நாள் ராத்திரியோட வயசு முடியுதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்காம், 1986ல, ராஜஸ்தான் அரசு வேலை வழக்கு ஒன்னுல. 1956 ஜனவரி 2ல பிறந்தவர், 1984 ஜனவரி 1ந்தேதி 28 வயசு முடிஞ்சிருக்கக் கூடாதுன்னு விதி. அவர் எனக்கு நாளைக்குத்தானே 28 முடியுதுன்னு வாதாடினார், கோர்ட் இல்லப்பா ஜனவரி 1 ராத்திரியோட முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருச்சு. ஒரே ஒரு நாள்ல ஒருத்தருக்கு வேலை போயிருக்கு, அத கேட்டப்ப எனக்கு வயித்த பிசைஞ்சுச்சு. அதனால வயசு வரம்பு உள்ள எந்த விண்ணப்பத்துலயும் நம்ம பிள்ளைங்களுக்கு பிப்ரவரி 28, மார்ச் 1 பக்கத்துல கட்-ஆஃப் வந்தா ரெண்டு தேதியையும் போட்டுப் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க. வெளிநாட்டுல சில இடத்துல இத சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க, ஹாங்காங்ல லீப் இல்லாத வருஷம்னா மார்ச் 1ன்னு தெளிவா இருக்காம். நமக்கு அந்த கொடுப்பினை இல்ல.

அப்ப 28ந்தேதி என் கையெழுத்து செல்லும், அத வாங்காம விட்டது பேங்க் தப்பு. வக்கீல் சார் ஒரு பக்கத்துல லெட்டர் எழுதி குடுத்தார். கூடவே எனக்கு உதவினது என்ன தெரியுமா, திங்கக்கிழமை வாங்கின டோக்கன் சீட்டு! தேதி, நேரம் ரெண்டும் அதுல இருந்துச்சு, பர்ஸ்ல மடிச்சு வச்சிருந்தேன். பேங்க், ஆபீஸ் எங்க போனாலும் அந்த துண்டுச்சீட்ட தூக்கி எறியாதீங்க.

வியாழக்கிழமை நேரா மேனேஜர் ரூமுக்கு போயிட்டோம். பொண்ணோட ரூம்மேட் ஆதார பஸ்ல குடுத்துவிட்டிருந்தா, அதுவும் கைல இருந்துச்சு. மேனேஜர் லெட்டர படிச்சார், டோக்கன பாத்தார், கவுண்டர்காரர கூப்பிட்டு விசாரிச்சார். "முதிர்வு அன்னைக்கு நேர்ல வந்து பணத்த கேட்டிருக்காங்க, எப்படி ரெனியூ ஆச்சு"ன்னு அவரே கேட்டு, ரெனியூவல ரத்து பண்ண சொல்லிட்டார். கணக்கு மாத்துற ஃபாரம், அவ ஃபோட்டோ, மாதிரி கையெழுத்து, எல்லாம் அரை மணி நேரம். 2,43,000 சொச்சம் அன்னைக்கு சாயந்திரமே அவ கணக்குல வந்துருச்சு, வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டியாச்சு.

இன்னொன்னும் சொல்லணும். யுகேஜி சேக்குறப்ப ஸ்கூல்ல ஒருத்தர், மார்ச் 1ன்னே போட்டுருங்க பின்னாடி தொல்லை இருக்காதுன்னு அக்கறையாத்தான் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். அன்னைக்கு கேட்டிருந்தா பிறப்புச் சான்றிதழ்ல ஒன்னு, மார்க்‌ஷீட்ல ஒன்னு, ஆதார்ல ஒன்னுன்னு நின்னிருக்கும், வக்கீல் லெட்டர் கூட காப்பாத்தியிருக்காது. என்ன தேதியோ அதையே எல்லாத்துலயும் வைங்க, தயவுசெஞ்சு மாத்தாதீங்க.

சொந்தக்காரங்க அவளுக்கு நாலு வயசுதான்னு சொல்றத நான் ரசிக்கிறதில்ல. காலண்டர்ல அந்த தேதி நாலு தடவ வந்துச்சு, 2008, 2012, 2016, 2020, அவ்வளவுதான், வயசு ஓடுறது வருஷக் கணக்குல. பிரதமரா இருந்த மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29ல பிறந்தவர், 1900 லீப் வருஷம் கிடையாது, நூறால வகுபட்டு நானூறால வகுபடாத வருஷம்கிறதால, அவருக்கு முதல் தடவ அந்த தேதி வந்தப்ப வயசு எட்டு. அதுக்காக அவர ஒரு வயசுப் பிள்ளைன்னா ஸ்கூல்ல சேத்திருப்பாங்க?

பான் கார்டுல ஃபோட்டோ சேக்க விண்ணப்பம் போட்டாச்சு. எங்கம்மாவுக்கு இந்த கூத்து எதுவுமே புரியல, அவங்களுக்கு பேத்தி பிறந்தநாள்னா மாசி மாசம் மிருகசீரிஷம், அது ஒவ்வொரு மாசியிலயும் தவறாம வருது, இந்த தடவ மார்ச் ரெண்டாவது வாரம் வந்துச்சு. மீனாட்சியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து, டெபாசிட்டோட பழைய ரசீத எடுத்து, பணம் வந்துருச்சாடின்னு அவளையே கேட்டாங்க. வந்துருச்சு ஆச்சி, நானே கையெழுத்து போட்டு வாங்கினேன்னா.