ஏர் வேறு, ஏக்கர் வேறு: அக்காவுக்காகப் பட்டாவை ஆங்கிலமாக்கிய கதை

கனடாவில் இருக்கும் அக்காவுக்கு எங்கள் கூட்டுப் பட்டாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. அங்கே அவளுடைய கணக்குகளைப் பார்ப்பவர் கேட்டிருக்கிறார். அம்மா பீரோவில் இருந்த பட்டாவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை அச்செடுத்து, நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு செய்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். மறுநாளே கையெழுத்து, முத்திரையோடு கிடைத்துவிட்டது. நானும் சரிபார்க்காமல் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "ஏன்டா, நமக்கு ஏது பன்னிரண்டரை ஏக்கர்?"

பட்டாவை எடுத்துப் பார்த்தேன். பரப்புக் கட்டத்தின் தலைப்பில் 'ஹெக் - ஏர்' என்றும், கீழே '0 - 12.50' என்றும் இருந்தது. அதாவது பூஜ்யம் ஹெக்டேர், பன்னிரண்டரை ஏர். அவர் 'ஏர்' என்பதை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு விட்டார். நூறு ஏர் சேர்ந்தால்தான் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 2.47 சென்ட். 12.50 ஏரை 2.471-ஆல் பெருக்கினால் 30.89 சென்ட் வருகிறது. அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தில் 31 சென்ட் என்று இருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது. உங்கள் வீட்டிலும் பழைய பத்திரம் இருந்தால் இப்படிப் பெருக்கிப் பாருங்கள், தப்பு இருந்தால் உடனே தெரிந்துவிடும். முப்பத்தோரு சென்ட் வைத்திருப்பவள் பன்னிரண்டரை ஏக்கர் என்று வெளிநாட்டில் காகிதம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அப்புறம் வரிக்கு வரி உட்கார்ந்து பார்த்தேன். தீர்வைக் கட்டத்தில் '0.39' என்று இருந்ததை நிலத்தின் மதிப்பு என்று எழுதியிருந்தார். தீர்வை என்பது அரசுக்குக் கட்டும் நிலவரி, 39 பைசா. நிலத்தின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'வட்டம்' என்பதை 'சர்க்கிள்' ஆக்கியிருந்தார். அது தாலுகா.

பெயர்களில் நடந்ததுதான் எனக்கு அதிகக் கோபம். பட்டாவில் அப்பா பெயர் முதலில் வரும், அடுத்து 'மகள்' என்று இருக்கும், அதற்குப் பிறகுதான் அக்கா பெயர். முதலில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று நினைத்து, காலமான அப்பாவை உரிமையாளர் ஆக்கிவிட்டார். ஆங்கிலத்தில் அக்கா பெயரை முதலில் போட்டு, 'டாட்டர் ஆஃப்' என்று அப்பா பெயரைப் பின்னால் போட வேண்டும். எழுத்துக் கூட்டலும் அவள் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

மேலே 'நில உரிமை விபரங்கள்' என்று இருந்த தலைப்பை 'டைட்டில் டீட்' ஆக்கியிருந்ததையும் மாற்றச் சொன்னேன். பட்டா வருவாய்த்துறைப் பதிவேட்டின் நகல்தான், கிரயப் பத்திரம் அல்ல.

இன்னொரு சிக்கல் படத்திலேயே இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் உட்பிரிவு '3B'-யா '8B'-யா என்று தெரியவில்லை. அவர் 8B என்று எழுதியிருந்தார். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்ததும் தெளிவான நகல் வந்தது. 3B தான். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு நடை மிச்சம். படத்தைத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும்.

இரண்டாவது தடவை போனபோது, நானே ஆங்கிலத்தில் எழுதிய வரைவையும் புது நகலையும் கொண்டுபோனேன். பரப்பை '0 ஹெக்டேர் 12.50 ஏர்' என்று மூலத்தில் இருக்கிறபடியே வைத்து, சென்ட் கணக்கை அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் போட்டேன். மூலத்தில் இல்லாத எண் உள்ளே வரக் கூடாது. 'புன்செய்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, வாய்க்கால் பாசனம் இல்லாத வகை நிலம் என்று குறிப்பில் விளக்கினேன். வெறும் 'டிரை லேண்ட்' என்றால் தரிசு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பெயருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பரப்பு, ஆளுக்கு இவ்வளவு என்று பட்டாவில் பிரித்துக் காட்டவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்தேன்.

அவர் முதலில், "நான் இருபது வருஷமா இதத்தான் பண்றேன்" என்றார். கிரயப் பத்திரத்தில் இருந்த 31 சென்ட்டைக் காட்டியதும் பேசாமல் வாங்கிப் படித்தார். வரைவை அப்படியே தட்டச்சு செய்து, பழைய பிரதியைத் திரும்ப வாங்கி என் கண் முன்னால் கிழித்தார். அக்காவிடம் இருந்த ஸ்கேனையும் அன்றைக்கே அழிக்கச் சொல்லிவிட்டேன்.