டீயில் கால் ஸ்பூன் திருட்டு

எங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு 2 ஸ்பூன், தினம் 2 வேளை டீ. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 2 கிலோ சர்க்கரை டீக்கு மட்டுமே போகிறது. பதறிப்போய் ஒரே நாளில் பாதியாகக் குறைத்தேன். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, கஷாயமா?" என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவில் கிடந்த குழி ஸ்பூனை மாற்றி, தலைதட்டி அளக்க ஆரம்பித்தேன், 2 வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்குக் கால் ஸ்பூன் குறைத்தேன், டிகாஷனையும் கொஞ்சம் லைட்டாக்கினேன், ஏனென்றால் கசப்பு ஏறினால்தான் நாக்கு சர்க்கரையைத் தேடும். 2 மாதத்தில் 1 ஸ்பூனுக்கு வந்தாயிற்று. யாராவது தானாக எழுந்து டப்பாவைத் தேடினால் அங்கேயே 2 வாரம் நின்றுவிட வேண்டும்.

காலையில் சின்னவன் தோசைக்குச் சர்க்கரை கேட்பான், இப்போது நெய்யும் இட்லிப்பொடியும். சரி, ஞாயிறு மட்டும் விலக்கு.

பண்டிகைதான் சிக்கல். கேசரியில் 1 கப் ரவைக்கு 2 கப் போட்டதை ஒன்றேகால் ஆக்கினேன், யாருக்கும் தெரியவில்லை. பாயசமும் அப்படியே. ஆனால் அதிரசத்தில் கை வைக்காதீர்கள், பாகின் அளவு மாறினால் சரியாக வராது, எனக்கு எண்ணெயில் பிரிந்துவிட்டது. அதனால் தீபாவளிக்கு அளவு மாற்றாமல் உருண்டையைத்தான் சின்னதாக்கினேன். வெல்லத்துக்கு மாறினால் போதுமே என்கிறார் அத்தை. அதுவும் சர்க்கரைதான் அத்தை!