ஒன்பது இலக்க எண்ணைப் படித்துச் சொன்ன பிறகு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் செக்கு எண்ணெய் ஆட்டி, ஓர் இணையச் சந்தைத் தளத்தின் வழியாகவும் விற்று வருகிறேன். அத்தளத்தின் விற்பனையாளர் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், நின்றுபோயிருந்த 2,840 ரூபாயை விடுவிப்பதாகக் கூறி ஒரு செயலியை நிறுவச் சொன்னார். நிலுவைத் தொகையைச் சரியாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். செயலி காட்டிய ஒன்பது இலக்க எண்ணைப் படித்துச் சொல்லி, அவர் கேட்ட அனுமதிகளையும் கொடுத்தேன். பிறகு ஒரு ரூபாய் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி வங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னார். நான் ரகசிய எண்ணைத் தட்டியதை அவர் முதலில் நிறுவச் சொன்ன செயலி வழியாகத் தம் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலில் 24,000, அடுத்து 19,500 என இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அந்த நேரத்தில் செயலியை நீக்கத்தான் கை போனது. அருகிலிருந்த கொழுந்தனார் தடுத்து, முதலில் விமானப் பயன்முறையை இயக்கச் சொன்னார். இணைப்பு அறுந்ததும் திரை தானாக நகர்வது நின்றது. அழைப்புப் பட்டியல், செயலியின் பெயர், இரண்டு குறுஞ்செய்திகள் ஆகியவற்றை அவருடைய போனில் படமெடுத்தோம். செயலியை முதலிலேயே நீக்கியிருந்தால் அதன் தடயமும் போயிருக்கும்.

அவர் போனிலிருந்தே இணையப் பணமோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்தேன். மலையாளத்தில் பேசிய காவலர் கதையைக் கேட்கவில்லை. கணக்கு எண், ஒவ்வொரு பணப்பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம் ஆகியவற்றை மட்டும் கேட்டார். அந்தக் குறிப்பு எண்ணைக் கொண்டுதான் பணம் சென்ற கணக்கைத் தேடி நிறுத்தி வைக்க முடியுமாம். அடுத்து வங்கியை அழைத்து யு.பி.ஐ., அட்டை, இணைய வங்கி மூன்றையும் முடக்கிப் புகார் எண் வாங்கினேன். பின்னர் cybercrime.gov.in தளத்தில் படங்களைச் சேர்த்தேன்.

போனைச் சுத்தம் செய்வதற்குத்தான் நேரம் பிடித்தது. அமைப்புகளில் அணுகல்தன்மை அனுமதியையும் சாதன நிர்வாகி உரிமையையும் எடுத்த பிறகே செயலி நீங்கியது. மின்னஞ்சல், வங்கி, விற்பனைத் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறு போனில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறினேன். `*#21#` என்று தட்டி எல்லா அழைப்புகளையும் வேறு எண்ணுக்குத் திருப்பும் அமைப்பு இயங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, கடைசியில் போனை முழுமையாக அழித்துப் புதிதாக அமைத்தேன்.

19,500 மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. நீதிமன்ற உத்தரவு வந்த பிறகே கையில் கிடைத்தது. 24,000 அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. ரகசிய எண்ணை நானே தட்டியிருந்ததால், புகார் கொடுப்பதற்கு முன் நேர்ந்த இழப்பு என்னுடையதே என்றும், அதற்குப் பின் பணம் போயிருந்தால் மட்டும் வங்கி ஏற்கும் என்றும் என் வங்கியில் 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைக் காட்டினார்கள்.

பத்து நாள் கழித்து இன்னொருவர், போன பணத்தை மீட்டுத் தருவதாகவும் அதற்கு முன்கட்டணம் வேண்டுமென்றும் அழைத்தார். அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிட்டேன்.